குற்றம் எழுத்தில் இல்லை

செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் பலவும் நம் எழுத்தை டோக்கன் எனப்படும் துண்டுகளாகப் பிரித்து, அவற்றின் எண்ணிக்கைக்கே கட்டணம் பெறுகின்றன. ஒரே செய்தி ஆங்கிலத்தில் இருப்பதைவிடத் தமிழில் மிகுதியான துண்டுகளாகிறது. தமிழின் எழுத்துமுறையே இதற்குக் காரணம் என்று சொல்லிக் கடந்துவிடுவோர் உண்டு. அது பாதி உண்மையே.

யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்டு போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். ஆக 15 பைட்டுகள்.

ஆனால், பைட்டுகள் அப்படியே துண்டுகளாக நின்றுவிடுவதில்லை. திரட்டிய உரைகளில் அடிக்கடி அடுத்தடுத்து வரும் இணைகள் ஒரே துண்டாகச் சேர்க்கப்படுகின்றன. இச்சேர்க்கை பல்லாயிரம் முறை நிகழ்ந்து துண்டுப் பட்டியல் உருவாகிறது. திரட்டில் ஆங்கிலம் மிகுந்திருந்தால் ஆங்கிலச் சொற்கள் முழுமையாகவே பட்டியலில் இடம்பெறும். அருகியே வரும் தமிழோ எழுத்தெழுத்தாக, சில வேளை அதனினும் சிறிதாகச் சிதறும். விகுதிகளும் உருபுகளும் ஒட்டி நீளும் சொற்களுக்கு இச்சிதைவு இன்னும் கூடுதல்.

2024 மே மாதம் ஓபன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது காட்டிய கணக்கே இதற்குச் சான்று. ஒரு சிறு பத்தி, பழைய பட்டியலில் ஆங்கிலத்தில் 27 துண்டுகளாகவும் தமிழில் 116 துண்டுகளாகவும் இருந்தது. ஏறத்தாழ 1 லட்சம் துண்டுகள் கொண்ட அப்பட்டியல் 2 லட்சமாக விரிந்தபின், ஆங்கிலம் 24, தமிழ் 35 என்றாயிற்று. தமிழின் எழுத்து மாறவில்லை, பைட்டும் குறையவில்லை. மாறியது பட்டியல் மட்டுமே.

பழைய கணக்கில் தமிழருக்கு நேர்ந்த இழப்பு சிறிதன்று. ஒரே பொருளுக்கு நான்கு மடங்குக்கு மேல் கட்டணம். மாதிரி ஒரே நேரத்தில் கருத்தில் கொள்ளும் அளவுக்கும் வரம்பு உண்டு. தொடக்ககால ஜிபிடி-4இல் அது 8,192 துண்டுகள். அவ்வரம்பை ஆங்கில ஆவணம் ஒன்று முழுமையாக நிரப்பினால், அதன் தமிழ் வடிவில் கால் பங்குகூட அடங்காது; உரையாடலின் முற்பகுதியும் விரைவில் வரம்புக்கு வெளியே போய்விடும். விடை துண்டு துண்டாகவே உருவாவதால் காத்திருப்பும் நீளும். புதிய பட்டியலிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்குச் சுமை எஞ்சியுள்ளது.

பட்டியலை விரித்தால் மாதிரியின் அளவும் கணிப்புச் செலவும் கூடும் என்பது மெய்யே. அதனால் எம்மொழிக்கு எவ்வளவு இடம் என்பது, பட்டியலைச் செய்வோர் எடுக்கும் முடிவாகிறது. அம்முடிவைக் கேள்வி கேட்கும் உரிமை கட்டணம் செலுத்துவோர்க்கு உண்டு. அரசுத் துறைகளும் பதிப்பகங்களும் இச்சேவைகளை வாங்குமுன், தத்தம் தமிழ் ஆவணங்களைக் கொடுத்துத் துண்டுகளை எண்ணிப் பார்க்கட்டும்; துண்டின் விலையை விடுத்து, ஒரு பக்கத்துக்கு ஆகும் விலையை ஒப்பிடட்டும். அக்கணக்கைக் காட்ட மறுக்கும் சேவையோடு ஒப்பந்தம் கூடாது.