ரொம்ப என்றால் வெரி, செம என்றால் சூப்பரா?

கொஞ்சம் நீளமான பதிவுதான். சாயங்காலம் காபி குடிக்கும் நேரத்தில் சாவகாசமாகப் படியுங்கள்.

கொஞ்ச நாளாக ஒரு படம் எல்லா வாட்ஸப் குழுக்களிலும் சுற்றுகிறது. "வெரி என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்" என்பது தலைப்பு. இடது பக்கம் வெரி டயர்ட், அதற்கு நேராக எக்ஸாஸ்டெட். வெரி ஹங்ரி என்றால் ஸ்டார்விங். வெரி ஹாப்பி என்றால் எக்ஸ்டாடிக். இப்படி முப்பது நாற்பது ஜோடி. இதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லிக் கொடுப்பதாக என்னிடம் படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுத்த இடைநிலை ஆசிரியன், பெரிய பட்டமெல்லாம் கிடையாது. ஆனாலும் அடித்துச் சொல்கிறேன், இந்தப் பட்டியல் நம் பிள்ளைகளின் இங்கிலீஷைக் கெடுக்கிறது.

பழைய நோட்ஸ்காரர்கள் "ரொம்ப = வெரி" என்று எழுதி வைத்தார்கள். இவர்கள் வந்து "வெரி ஒழிக" என்கிறார்கள். ஒருவரை ஒருவர் எதிர்ப்பது போலத் தெரிந்தாலும் இரண்டு பேரும் செய்வது ஒரே காரியம்தான். ஒரு சொல்லைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு சொல்லை வைக்கிறார்கள். தமிழ் வாக்கியத்தில் அந்த "ரொம்ப" என்ன வேலை பார்க்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

ரொம்ப என்பது நிரம்ப என்ற சொல்லின் பேச்சு வடிவம். குடம் நிரம்புவது, வயிறு நிரம்புவது என்கிறோமே, அதே நிரம்ப. ஆகவே அதன் அடிப்படைப் பொருள் அளவு. இங்கிலீஷ்காரரின் வெரி அப்படி இல்லை. அது பழைய பிரெஞ்சு மொழியில் "உண்மையான" என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நம் சொல் அளவிலிருந்து பிறந்தது, அவர்கள் சொல் உண்மையிலிருந்து பிறந்தது. அதனால்தான் நம்முடைய ரொம்ப எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும். ரொம்ப உயரம், ரொம்ப பேர், ரொம்ப நேரம், ரொம்ப பிடிக்கும், எல்லாமே சரி. வெரிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. டால் என்ற பண்புச் சொல்லுக்கு முன்னால் வெரி வரும். வினைக்கு முன்னால் வராது. "ஐ வெரி லைக் இட்" என்று நம் பிள்ளை சொன்னால் அது பிள்ளையின் மந்தம் அல்ல, "ரொம்ப = வெரி" என்று எழுதிக் கொடுத்தவரின் தவறு.

ஆகவே முதலில், ரொம்பவுக்குப் பின்னால் வருவது என்ன என்று பாருங்கள். பண்பாக இருந்தால் வெரி, பேச்சில் ரியலி அல்லது சோ. வினையாக இருந்தால் எ லாட். "ரொம்ப சிரிச்சோம்" என்பது "வி லாஃப்ட் எ லாட்". இந்த இடத்தில் மச் மட்டும் தனியாகப் போட்டு "வி லாஃப்ட் மச்" என்றால் விறைப்பாக இருக்கும். எண்ணிக்கையாக இருந்தால் "எ லாட் ஆஃப் பீப்பிள்". நேரம், தூரம் என்றால் பெரும்பாலும் லாங் என்ற ஒரு சொல்லே போதும், அதற்கு முன்னால் வெரி தேவைப்படாது.

அடுத்தது, குடம் வழிகிற இடம். ரொம்பவுக்கு "தேவைக்கு மேல்" என்ற பொருளும் உண்டு. "குழம்புல உப்பு ரொம்ப" என்றால் குறை சொல்கிறோம். "பாட்டு ரொம்ப நல்லா இருக்கு" என்றால் பாராட்டுகிறோம். தமிழில் சொல் ஒன்றுதான், குரலும் சந்தர்ப்பமும் பிரித்துக் காட்டிவிடும். இங்கிலீஷில் வழிகிற ரொம்பவுக்குத் தனிச் சொல் இருக்கிறது. அதுதான் டூ. "த டீ இஸ் வெரி ஹாட்" என்றால் டீ நல்ல சூடு. "த டீ இஸ் டூ ஹாட்" என்றால் குடிக்க முடியாத சூடு. நம் ஊரில் பாராட்டுவதற்கும் டூ போட்டுப் பழகிவிட்டோம். நமக்குள் பேசும்போது புரியும். வெளிநாட்டில் போய் ஒருவர் வீட்டை "டூ பிக்" என்று பாராட்டினால் அவருக்கு அது குறையாகத்தான் கேட்கும். "இவ்வளவு வேண்டாமே" என்று தமிழில் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் டூ, பொருந்தாவிட்டால் டூ கூடாது.

இது மரியாதைப் பிரச்சினை மட்டும் இல்லை. உங்களில் பலர் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறீர்கள். அம்மாவையோ அப்பாவையோ டாக்டரிடம் கூட்டிப்போய் நீங்கள்தான் மொழிபெயர்த்துச் சொல்கிறீர்கள். அம்மா "முழங்கால் ரொம்ப வலிக்குது" என்கிறார். "இட் ஹர்ட்ஸ் எ லாட்" என்று சொன்னால் அவர் சொன்னது அப்படியே போய்ச் சேரும். பட்டியல்காரர் சொற்படி "அன்பேரபிள்" என்றால் தாங்கவே முடியாத வலி என்று பொருள். அம்மா அப்படிச் சொல்லவில்லை. மறுநாள் அதே அம்மா "இப்ப ரொம்ப வலிக்கல" என்கிறார். கவனியுங்கள், வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை. கொஞ்சம் இருக்கிறது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அவசரத்தில் "நோ பெயின்" என்று சொல்லிவிட்டால் மிச்சமிருக்கும் வலி டாக்டர் காதுக்கே எட்டாது. "இட் டஸன்ட் ஹர்ட் மச் நவ்" என்பதுதான் சரி. முன்னே விறைப்பாக இருந்த மச், இல்லை என்கிற வாக்கியத்தில் இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது, பாருங்கள்.

சரி, பட்டியலில் உள்ள பெரிய சொற்கள் எதற்குத்தான் பயன்படும்? அவற்றுக்கும் வேலை உண்டு. ஆனால் அவை ரொம்பவின் ஜோடி இல்லை, செமயின் ஜோடி.

நம் பிள்ளைகளின் செம ஒரு விசேஷமான சொல். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு சூப்பர் என்றும் ஆசம் என்றும் மாற்றுகிறார்கள். செம படம் என்றால் பாராட்டு, ஒப்புக்கொள்கிறேன். செம அடி? செம தலைவலி? செம கடுப்பு? "ஆசம் தலைவலி" என்று யாராவது சொல்வார்களா? செமவுக்கு நல்லது கெட்டது தெரியாது. எதன் முன்னால் நிற்கிறதோ அதை ஊதிப் பெரிதாக்குவது மட்டுமே அதன் வேலை. அதற்கு இணையாக ஒரே இங்கிலீஷ் சொல்லைத் தேடினால் கிடைக்காது. அங்கே அந்த ஊதல் பெயர்ச்சொல்லோடும் வினையோடும் சேர்ந்தே பிறந்திருக்கும். செம தலைவலி "எ ஸ்ப்ளிட்டிங் ஹெட்டேக்". செம மழை "இட் போர்ட்". பஸ்ஸில் செம கூட்டம் "த பஸ் வாஸ் பேக்ட்". செம பசி என்றால் தாராளமாக "ஐ ஆம் ஸ்டார்விங்". பசியால் சாகவில்லை என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அந்த விளையாட்டு செமயில் இருக்கிறது. "ரொம்ப பசிக்குது" என்று தாத்தா சொன்னால் அதில் விளையாட்டு இல்லை. அதற்கு "ஐ ஆம் ரியலி ஹங்ரி" போதும்.

இன்னொன்று. எக்ஸாஸ்டெட், ஸ்டார்விங் போன்றவை ஏற்கெனவே நிரம்பிய குடங்கள். அவற்றின் மேல் வெரியை ஊற்றினால் பேச்சு கோணலாகும். "வெரி ஸ்டார்விங்" என்று சொல்வதில்லை. அழுத்தம் வேண்டுமானால் "அப்சல்யூட்லி ஸ்டார்விங்".

இப்போது ஒரு பத்தியை முழுதாகச் செய்து பார்ப்போம். நம் வீட்டுப் பெண் ஒருத்தி எழுதியது போல வைத்துக்கொள்ளுங்கள்:

"ரொம்ப நாள் கழிச்சு நேத்து அத்தை வீட்டுக்குப் போனோம். செம வெயில். பஸ் ஸ்டாப்புல இருந்து ரொம்ப தூரம் நடக்கணும். எங்களப் பார்த்ததும் அத்தைக்கு ரொம்ப சந்தோஷம். மீன்குழம்பு செம. நான் ரொம்ப சாப்பிட்டுட்டேன். பாயசத்துலதான் சர்க்கரை ரொம்ப."

ஐந்து ரொம்ப, இரண்டு செம. தமிழில் உறுத்தவே இல்லை. இங்கிலீஷில் ஐந்து வெரி வந்தால் உறுத்தும். அத்தையை எக்ஸ்டாடிக் ஆக்கினாலோ அத்தை ஆகாயத்தில் பறப்பார்.

ஒவ்வொன்றாக வாருங்கள். ரொம்ப நாள் கழித்து என்பது "ஃபார் த ஃபர்ஸ்ட் டைம் இன் ஏஜஸ்". செம வெயில் "இட் வாஸ் பாய்லிங்". ரொம்ப தூரம் "எ லாங் வாக் ஃப்ரம் த பஸ் ஸ்டாப்", லாங் போதும். அத்தையின் சந்தோஷம் "ஷி வாஸ் சோ ஹாப்பி டு சீ அஸ்". குழம்பு செம என்பதற்கு "த ஃபிஷ் கறி வாஸ் ப்ரில்லியன்ட்", இங்கே செம உண்மையிலேயே பாராட்டுதான். "சாப்பிட்டுட்டேன்" என்பதில் கடைசியில் ஒரு விட்டேன் ஒளிந்திருக்கிறது. அளவு மீறிவிட்டது என்று அதுவே சொல்லிவிடுவதால் "ஐ ஏட் டூ மச்". பாயசத்திலும் டூதான். ஆனால் அத்தை செய்தது ஆயிற்றே, இங்கிலீஷில் கொஞ்சம் இறக்கிச் சொல்வதே நயம்: "த பாயசம் வாஸ் எ பிட் டூ ஸ்வீட்".

எண்ணிப் பாருங்கள். ஒரு வெரி கூட இல்லை. பட்டியல்காரருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் வெரியைத் துரத்தியதால் இப்படி வரவில்லை, ஒவ்வொரு ரொம்பவும் என்ன சொல்கிறது என்று கேட்டதால் வந்தது. இன்னொரு பத்தியில் நாலு வாக்கியத்துக்கு ஒரு வெரி வரலாம். வரட்டும். அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே தினமும் சொல்கிறார்கள். நன்றிக் கடிதத்தில் "தேங்க் யூ வெரி மச்" என்பதை விட நல்ல வரி எனக்குத் தெரியவில்லை. கல்யாண வாழ்த்தில் "எக்ஸ்ட்ரீம்லி ஹாப்பி" என்று எழுதினால் அது ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. "ரொம்பப் பேசாதே", "செம தூக்கம்", "ரொம்பத்தான் அலட்டிக்கிறான்". மூன்றையும் இங்கிலீஷில் கீழே எழுதுங்கள். மூன்றாவதில் அந்த "தான்" எங்கே போகிறது என்று கவனியுங்கள். அகராதியைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களுக்கு உண்டு.