சப்பாத்துப் பெட்டிக்குள் ஓர் அறை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் என் தமக்கையார் குடியிருக்கிறார். வீட்டின் பின்னறையிலே அவருடைய மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நண்பகலிலும் அவ்வறையில் மின்விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே சென்றிருந்தபோது, அத்தான் மேசனை அழைத்து விலை பேசிக்கொண்டிருந்தார். பின்சுவரிலிருக்கும் மூன்றடி யன்னலை ஆறடியாக அகலப்படுத்துவது அவருடைய எண்ணம். கைவசமிருந்த பணம் ஒரு சுவரை ஒரு முறை உடைத்துக் கட்டுவதற்கே போதுமானது. பிழைத்தால் மறுபடி உடைக்க வழியில்லை.

"அத்தான், ஒரு கிழமை பொறுங்கள். முதலிலே மட்டையில் உடைத்துப் பார்ப்போம்" என்றேன். அவர் நகைத்தார்; எனினும் பொறுத்தார். அந்த ஒரு கிழமையில் நாங்கள் கண்டவற்றையே இன்று வாசகர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கட்டடக்கலை பயிலும் மாணவர்கள் செய்யும் மாதிரிகளில் இருவகை உண்டு. ஒன்று, வேலை முடிந்தபின் பிறருக்குக் காட்டுவதற்காக அழகுபடச் செய்வது. மற்றையது, முடிவு செய்யுமுன் தாமே பார்த்து அறிவதற்காக ஒரு மாலைப்பொழுதில் வெட்டி ஒட்டுவது. நாம் செய்தது இரண்டாம் வகை. அது அழகாயிருக்க வேண்டியதில்லை. அளவு தவறாதிருந்தாற் போதும்.

ஓர் அடிக்கு அரை அங்குலம் என்பது எங்கள் அளவுத்திட்டம். அறை பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். ஆகவே மாதிரி ஆறங்குலம், ஐந்தங்குலம், ஐந்தங்குலம். ஒரு சப்பாத்துப் பெட்டியின் மட்டை அதற்குப் போதுமாயிருந்தது. இவ்வளவுக்குமேற் சிறிதாக்கினால் உள்ளே எட்டிப் பார்க்க இயலாது. பெரிதாக்கினால் வெட்டும் வேலை கூடும். தென்புறச் சுவரை மட்டும் நாங்கள் ஒட்டவில்லை. அதனைக் கழற்றி மாட்டத்தக்கதாக வைத்து, வெவ்வேறு யன்னல்கள் வெட்டிய மூன்று மட்டைத் துண்டுகளை ஆயத்தப்படுத்தினோம். எதிரேயுள்ள வடசுவரில், தரையிலிருந்து இரண்டங்குல உயரத்தில் ஒரு துளையிட்டோம். இரண்டங்குலம் என்பது நான்கடி. கதிரையில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டம் அதுவே.

ஒளியைச் சோதிக்கும்போது இரண்டு கவனங்கள் வேண்டும். முதலாவது, மூலைகளில் மட்டை சரியாகப் பொருந்தாவிடில் அவ்விடைவெளியால் ஒளி கசியும். யன்னலைக் கையால் மூடிக்கொண்டு துளைவழியே பாருங்கள். உள்ளே கும்மிருட்டாயில்லாவிட்டால் கசிவு உண்டென்று அறிக. மூலைகளுக்கு வெளியே கறுப்பு ரேப் ஒட்டிவிட்டால் அது தீரும். இரண்டாவது, மட்டையின் கபில நிறம் ஒளியை விழுங்கிவிடும். உண்மையறை வெள்ளையடித்ததாயின் உள்ளே வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். தரை சிவப்புச் சீமெந்தாயின் சிவப்புத்தாள் விரியுங்கள். இவ்விரண்டும் சரியாக இருப்பின், மட்டையறையின் வெளிச்சம் உண்மையறையின் வெளிச்சத்தை ஏறக்குறைய அப்படியே காட்டும். வெப்பமும் காற்றும் அறை சிறுத்தால் வேறுவிதமாக நடந்துகொள்வன. ஒளியோ வடிவமும் நிறமும் மாறாதவரை சிறிய அறையிலும் பெரிய அறையிலும் ஒரே விகிதத்திலேயே பரவும். ஆயினும் மாதிரியிற் கண்ணாடியும் கம்பியும் தூசியும் இல்லை. ஆதலால் கண்டதிற் கால்பங்கைக் கழித்தே நாங்கள் மதிப்பிட்டோம்.

முதல் நாள் மாலை, ஆறடி யன்னற் சுவரை மாட்டி, மாதிரியை மாடித்தளத்தில் வைத்துப் பார்த்தோம். உள்ளே வெள்ளமாய் வெளிச்சம்! அத்தானின் முகமும் மலர்ந்தது. மருமகளோ துளைவழியே வெகுநேரம் பார்த்துவிட்டு, "மாமா, பின்வீட்டுச் சுவர் எங்கே?" என்று கேட்டாள்.

அதனை நாங்கள் மறந்தே போனோம். பின்சுவருக்கு அப்பால் ஐந்தடி வெளி. அதன்பின் அயலாருடைய மாடிவீட்டின் இருபதடிச் சுவர் நிமிர்ந்து நிற்கிறது. பத்தங்குல உயர மட்டையொன்றை இரண்டரை அங்குலம் தள்ளி நிறுத்தியதும் வெளிச்சம் அணைந்தது போலாயிற்று. தாம் கட்டப்போவதை மட்டும் செய்து, எதிரே நிற்பதைச் செய்யாமல் விடுவதே இத்தகைய மாதிரிகளில் நேரும் பெரும்பிழை. அறைக்குள் வரும் ஒளி யன்னலால் வருவது உண்மையே. ஆனால் அது புறப்படுமிடம் வானம். வானத்தை மறைப்பது எதுவோ அதுவும் அறையின் ஒரு பகுதியே.

பின்னர் ஒரு நூலை எடுத்தோம். அயற்சுவரின் உச்சியில் ஒரு முனையை ஒட்டி, யன்னலின் மேல்விளிம்பைத் தொடும்படி உள்ளே இழுத்தோம். மேசை மட்டமான இரண்டரை அடியை நூல் எங்கே வந்து தொடுகிறதோ, அதுவே வானம் தெரியும் எல்லை. யன்னலின் தலை ஏழடியில் இருந்தபோது, அவ்வெல்லை சுவரிலிருந்து ஒன்றேமுக்கால் அடிதான். இரண்டடி அகலமுள்ள மேசையின் முன்விளிம்புகூட அதற்குள் அடங்காது. யன்னலை எவ்வளவு அகலமாக்கினாலும் அந்நூல் அசையவேயில்லை. அத்தான் செலவிட நினைத்த பணம் முழுவதும் அகலத்துக்கே போயிருக்கும்!

அடுத்த துண்டில் யன்னலின் அகலத்தைப் பழைய மூன்றடியாகவே விட்டு, தலையை மட்டும் ஒன்பதரை அடிக்கு உயர்த்தினோம். நூலின் எல்லை மூன்றேகால் அடிக்கு நகர்ந்தது. மேசை முழுவதும், அதன்மேல் விரித்த புத்தகமும் வானத்தைக் கண்டன. மழைக்காக மேலே ஓரடி நிழல்தட்டு வேண்டுமென்று மேசன் சொன்னதை நினைந்து, ஒரு மட்டைக் கீற்றைக் கூரைமட்டத்தில் ஒட்டினோம். எல்லை உடனே இரண்டடியாகச் சுருங்கிற்று. ஆகவே தட்டு வைப்பதாயின் அது கண்ணாடியாகவே இருக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று.

"மேற்குச் சுவரில் திறந்தால் என்ன? அங்கே ஏழடி மதில்தானே!" என்று தமக்கையார் கேட்டார். அதற்கு வெயிலைச் சோதிக்கவேண்டியிருந்தது. அடிமட்டையில் வடக்குத் திசையைக் குறித்து, ஐந்து சென்ரிமீற்றர் உயரமான குண்டூசியொன்றை நிமிர்த்தி நாட்டினோம். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஏழு பாகையில் இருப்பதால், உச்சிவேளை நிழலை எளிதாகக் கணக்கிடலாம். டிசெம்பர் 22 அளவில் நிழல் வடக்கே மூன்று சென்ரிமீற்றர். யூன் 21 அளவில் தெற்கே ஒன்றரை. ஏப்பிரில், செப்ரெம்பர் மாதங்களின் முதல் வாரத்தில் சூரியன் தலைக்குமேல் நிற்பதால் நிழலே இல்லை. மார்ச்சு, செப்ரெம்பர் 21 அளவில் பிற்பகல் மூன்று மணிக்கு நிழல் ஊசியின் நீளமே, கிழக்கு நோக்கி விழும். இப்புள்ளிகளைக் குறித்துவிட்டால், எந்த நாளிலும் மாதிரியை வெயிலில் ஏந்தி, நிழலின் நுனி வேண்டிய புள்ளியைத் தொடும்வரை சாய்த்தாற் போதும். அந்நாளின் வெயில் அறைக்குள் விழுவதைக் கண்ணாற் காணலாம்.

மேற்கு யன்னலில் அந்த மூன்றுமணி வெயில் மேசை மட்டத்தில் நாலரை அடி உள்ளே பாய்ந்தது. இரண்டடி நிழல்தட்டு வைத்தும் பாதியே மறைந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து படிக்க உட்காரும் வேளை அதுவல்லவா? தெற்கு யன்னலிலோ, டிசெம்பர் உச்சிவெயில்கூட அயற்சுவரைத் தாண்டிக் கூரைமேல் விழுந்ததேயன்றி யன்னலைத் தொடவில்லை. வெயிலின்றி வெளிச்சம் மட்டும் வருவதே எழுத்து வேலைக்கு ஏற்றது.

அத்தானுக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. அவர் வளர்ந்த கொட்டாஞ்சேனை வீட்டில் நடுவே பத்தடிச் சதுர முற்றமொன்று இருந்ததாம். 1962இல் கட்டிமுடிக்கப்பட்ட ஈனா டி சில்வாவின் கொழும்பு வீட்டிலும், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நடுமுற்றத்தையே உயிராக வைத்தார். அவ்வீடு பிற்காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு, பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுணுகங்கையில் மீண்டும் எழுப்பப்பட்டமை பலர் அறிந்ததே. "நமக்கும் ஒரு மூலையிலே மூன்றடி முற்றம் போதுமே" என்றார். கூரை மட்டையில் ஒன்றரை அங்குலச் சதுரம் வெட்டி, சுற்றிலும் சுவர் வைத்து, ஐந்தரை அடி மனிதனுக்கு ஈடாக இரண்டேமுக்கால் அங்குலக் கடதாசி உருவொன்றை அதனுள் நிறுத்தினோம். மேலிருந்து பார்த்த அத்தான், "இது முற்றமன்று, கிணறு" என்றார். பத்தடி அகலத்துக்குப் பத்தடிச் சுவர் முற்றமாகும். மூன்றடி அகலத்துக்கு அதே சுவர் கிணறாகும். வரைபடத்தில் இரண்டும் வெறுஞ் சதுரங்களே. அருகில் ஒரு மனித உருவம் நின்றபோதுதான் வேறுபாடு புலனாயிற்று.

ஓர் எச்சரிக்கை. துளையிற் கைத்தொலைபேசியை வைத்துப் படமெடுத்து ஒப்பிட்டபோது, எல்லா யன்னல்களும் ஒரேயளவு வெளிச்சமாய்த் தோன்றின. இருட்டான படத்தைத் தொலைபேசி தானே வெளிச்சமாக்கிவிடுகிறது! அதன் ஒளியளவை ஒரு நிலையிற் பூட்டிவைத்து, ஒரே வேளையில், மேகம் பரந்த வானின் கீழ், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தபோதே உண்மை தெரிந்தது.

சுவர் உயரவாக்கில் உடைக்கப்பட்டது. அகலம் மாறாதபடியால் மேலே நீண்ட கொங்கிறீற் உத்தரம் வேண்டியிருக்கவில்லை, செலவும் குறைந்தது. காற்று எப்படி வருமென்று மட்டை எங்களுக்குச் சொல்லவில்லை. இன்றும் அவ்வறையிற் காற்றாடி சுழலவே செய்கிறது. ஆனால் மருமகள் காலை எட்டு மணிக்கு விளக்கை அணைத்தால் மாலை நான்குவரை போடுவதில்லை. அந்தச் சப்பாத்துப் பெட்டி அவளுடைய மேசைமேல் இன்னும் இருக்கிறது. பேனாக்களை அதனுள்ளேதான் போட்டு வைத்திருக்கிறாள்.