பொங்கல் லீவு யாருக்கு?

மார்கழி பிறந்துவிட்டால் டில்லியில் உள்ள நம்மவர்களின் பேச்சில் குளிருக்கு அடுத்தபடியாக அடிபடுவது லீவுதான். சென்னையில் உள்ள மத்திய அரசு அலுவலகங்கள் தங்கள் விருப்ப விடுமுறைப் பட்டியலிலிருந்து பொங்கலைத் தேர்ந்து கொண்டு கதவை அடைத்துவிடலாம். தலைநகரில் அதற்கு வழியில்லை. இங்கே பொங்கல், ஒவ்வொரு ஊழியருக்கும் ஆண்டுக்கு இரண்டு என்று அனுமதிக்கப்படும் வரையறுக்கப்பட்ட விடுமுறைகளில் ஒன்று, அவ்வளவே. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய் வர முடியாது. போகியன்று காலை சென்னையில் இறங்க வேண்டுமானால் 11ஆம் தேதி இரவே ரயில் ஏற வேண்டும். 16ஆம் தேதி இரவு அங்கிருந்து புறப்பட்டால் 18ஆம் தேதி காலை இங்கு வந்து சேரலாம். ஆகவே பொங்கலுக்கு முன்னும் பின்னும் ஈட்டிய விடுப்போ தற்செயல் விடுப்போ சேர்த்தாக வேண்டும். தகராறு அங்கேதான் ஆரம்பம்.

ஆறு பேர் கொண்ட ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். எப்போதும் நான்கு பேராவது இருந்தால்தான் வேலை நடக்கும். ஆறு பேரில் இருவர் தமிழர், ஒருவர் ஆந்திரர். அவருக்கும் அதே நாட்களில்தான் சங்கராந்தி. மூவர் கேட்கிறார்கள், இருவரைத்தான் அனுப்பலாம். யாரை நிறுத்துவது?

சீனியரை முதலில் அனுப்புவது ஒரு வழக்கம். இதில் ஜூனியருக்கு, அவர் சீனியராகும் வரை பொங்கலே கிடையாது. யார் முதலில் விண்ணப்பம் கொடுத்தாரோ அவருக்கு என்பது இன்னொரு வழக்கம். பார்வைக்கு நியாயமாகத் தெரியும் இந்த முறை, நடைமுறையில் டிக்கெட் பந்தயமாகி விடுகிறது. 2024 நவம்பர் 1ஆம் தேதி முதல் ரயில் முன்பதிவு 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. ஜனவரி 11ஆம் தேதி ரயிலுக்கு நவம்பர் 12ஆம் தேதி பதிவு தொடங்கும். லீவைப் பற்றிய முடிவோ ஜனவரி முதல் வாரத்தில்! அதற்குள், "டிக்கெட் எடுத்துவிட்டேன், ஸார்" என்று ஒருவர் வந்து நிற்கிறார். அதிகாரியும் இரங்கி விடுகிறார். லீவு வரட்டும் என்று ஒழுங்காகக் காத்திருந்தவருக்கு லீவும் இல்லை, ரயிலில் இடமும் இல்லை.

விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகள் சொல்வது உண்மைதான். மறுக்கும் அதிகாரத்தைத் தரும் அந்த விதி, யாருக்கு மறுப்பது என்பதற்கு வரிசை தரவில்லை. அந்த வரிசையை அலுவலகமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

அது கஷ்டமானதல்ல. மூவருக்கு இரண்டு இடம் என்றால் ஒவ்வொருவரும் மூன்று பொங்கலுக்கு ஒரு முறை டில்லியில் தங்கினால் போதும். முதல் ஆண்டில் யார் தங்குவது என்பதைப் பழைய வருகைப் பதிவேடு சொல்லிவிடும். கடந்த மூன்று பொங்கலிலும் ஊருக்குப் போனவர் இம்முறை இருக்கட்டும். எல்லோரும் சமமாகப் போயிருந்தால் சீட்டுக் குலுக்கிப் போடலாம். ஆனால் குலுக்கல் அந்த ஒரு முறைதான். ஆண்டுதோறும் குலுக்கினால் ஒருவரே தொடர்ந்து அகப்பட்டுக் கொள்ளக்கூடும். சீட்டுக்கு ஞாபகம் கிடையாது. தன் முறையை இன்னொருவருக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பவர் பெயரைக் குறித்து வைத்து, அடுத்த ஆண்டு அவரை முதலில் அனுப்ப வேண்டும். வீட்டில் சாவு, அறுவை சிகிச்சை என்று போவதை முறையில் சேர்க்கக் கூடாது.

கலியாணமாகாதவர், "உனக்கென்னப்பா அவசரம்?" என்று கேட்கப்பட்டே ஆண்டுக்கு ஆண்டு நிறுத்தப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். அவருக்கும் ஊரில் வயதான தாய் தந்தையர் உண்டு. கோலமிட்ட வாசலில் பிள்ளையை எதிர்பார்த்து நிற்பவர்கள் அவர்களே.

முறை கெட்டிருக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் எளிது. ஜனவரி 12, 13 தேதிகளில் டாக்டர் சர்டிபிகேட்டுகள் வந்து குவிந்தால், லீவு கேட்டுக் கிடைக்காதவர்கள் வேறு வழி கண்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

பொங்கலை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசவும் முடியாது. வங்காளிக்கு துர்கா பூஜை. பீகார்க்காரருக்கு தீபாவளி கழிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜை. ஒவ்வொருவரும் தமக்கு முக்கியமான ஒரே ஒரு பண்டிகையை ஜூலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், பூஜை முதல் பொங்கல் வரை ஒரே பட்டியலில் அடங்கிவிடும். ஒவ்வொரு பண்டிகைக்கும் ரயில் பதிவு திறக்கும் முன்பே போகிறவர் யார், இருக்கிறவர் யார் என்பதும் தெரிந்துவிடும். சட் பூஜைக்கு பாட்னா போகும் நண்பரின் மேஜையை அந்த வாரம் நம்மவர் பார்த்துக்கொண்டால், பொங்கல் வாரத்தில் நம் மேஜையை அவர் பார்த்துக்கொள்வதில் என்ன தடை?