பழைய பாக்கியைப் பார்த்த பிறகே புதிய பில்

கடன் வரம்பு என்பது ஒரு வாடிக்கையாளரிடம் ஒரே நேரத்தில் எவ்வளவு பணம் நிலுவையில் நிற்கலாம் என்று கடை முன்கூட்டியே முடிவுசெய்து வைக்கும் தொகை. கடன் நாள் என்பது ஒவ்வொரு பில்லுக்கும் கொடுக்கும் தவணை. புதிய பில் போடுமுன் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். புதுக்கடை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்துக் கட்டுமானப் பொருள் கடைகளில் இதைச் செய்யவிடாமல் தடுப்பது ஒரே நம்பிக்கை: “பழைய பாக்கியைப் பேசினால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.” அண்மையில் புதுக்கடையில் ஒரு கடையில் தொண்ணூறு நாள் பாக்கி நிற்கும் காண்ட்ராக்டருக்கு மறுபடியும் கம்பி லோடு ஏறியபோது சொல்லப்பட்ட சமாதானமும் இதுவே. இந்த நம்பிக்கை தவறு. கடைகளை மூடவைப்பதும் இதுவே.

இதைப் பொய்யாக்கும் சான்று அந்தக் கடை முதலாளியிடமே இருக்கிறது. சிமென்ட் கம்பெனிகள் தம் டீலருக்குக் கடன் வரம்பு வைத்திருக்கின்றன. டீலரின் நிலுவை வரம்பைத் தாண்டினாலோ பழைய பில் தவணை கடந்தாலோ, புதிய ஆர்டர் கம்பெனியின் கணினியில் நின்றுவிடும், லாரி கிளம்பாது. அப்போது டீலர் கோபித்துக்கொண்டு கம்பெனியை மாற்றுவதில்லை. வங்கிக்குப் போய்ப் பணம் அனுப்பிவிட்டு லோடுக்குக் காத்திருக்கிறார். மேலே இருப்பவர் பார்த்தால் அது வியாபார முறை, தான் பார்த்தால் அவமதிப்பு என்று அவர் நினைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சரிபார்ப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதை ஒரு கணக்கில் காணலாம். மாதம் ஒன்றரை லட்சத்துக்குச் சரக்கு எடுக்கும் ஒரு காண்ட்ராக்டர் சராசரியாக நாற்பது நாளில் பணம் தருகிறார் என்றால், அவரிடம் எப்போதும் சுமார் இரண்டு லட்சம் நிற்கும். அதுவே அவருடைய வரம்பு. தவணை 40 நாள். ஜூன் 10 அன்று அவர் 52,000 ரூபாய்க்குக் கம்பியும் சிமென்டும் கேட்கிறார். பேரேட்டில் அவருடைய நிலுவை 1,23,000. புதிய பில்லைச் சேர்த்தால் 1,75,000. வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றும். பெரும்பாலான கடைகள் இந்த இடத்தில் பார்ப்பதை நிறுத்திவிடுகின்றன.

பில் வாரியாகப் பார்த்தால் படம் மாறும். மார்ச் 12 பில்லில் 34,000, மே 2 பில் 71,000, மே 24 பில் 58,000 என மொத்தம் 1,63,000 நிற்கிறது. பேரேட்டில் 40,000 குறைந்திருப்பதற்குக் காரணம், ஜூன் 20 தேதியிட்டு அவர் கொடுத்த காசோலையை வாங்கிய அன்றே வரவு வைத்தது. அந்த வரவு மார்ச் பாக்கியை முழுவதும் தீர்த்துவிட்டதாகவும் காட்டும். தொகையோடு பாக்கியின் வயதும் மறைந்துபோகிறது. இதற்கு மேல், சிட்டையில் அனுப்பி இன்னும் பில் போடாத 18,000 ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. ஆக உண்மையான நிலுவை 1,81,000. புதிய லோடும் ஏறினால் 2,33,000. வரம்பை 33,000 தாண்டிவிடும்.

இதனால் ஆர்டரை மறுக்க வேண்டியதில்லை. மார்ச் பாக்கி 34,000 இன்றே வங்கிக் கணக்குக்கு வந்தால், புதிய பில்லோடு நிலுவை 1,99,000 ஆகும், லோடு கிளம்பலாம். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இது தெளிவான பேச்சு: எந்தத் தேதிப் பில், எவ்வளவு, எப்போது சரக்கு வரும். “பாக்கி ரொம்ப இருக்கு அண்ணே” என்று தலையைச் சொறிவதைவிட இது மரியாதையானது. சிமென்ட் கம்பெனி டீலரிடம் பேசுவதும் இதே மொழியில்தான்.

பணம் வந்ததும் ரசீதில் பில் எண்ணை எழுத வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 59, 60-ஆம் பிரிவுகளின்படி, எந்தக் கடனுக்கு என்று கொடுப்பவர் குறித்தால் அதற்கே வரவு வைக்க வேண்டும்; அவர் குறிக்காவிட்டால் வாங்குபவர் தீர்மானிக்கலாம். பழைய பில்லுக்கு வைப்பதே நல்லது. விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பே உண்டு. எதற்கு வரவு என்று எழுதாத கணக்கில் எந்தப் பில் உயிரோடிருக்கிறது என்று நிறுவுவது கடினம்.

சரிபார்க்கும் நேரமும் முக்கியம். வண்டியில் சரக்கு ஏறிய பிறகு பாக்கியைப் பார்ப்பது பயனற்றது. ஆர்டர் வாங்கும்போதே பார்க்க வேண்டும். சிட்டையில் அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் பில் போடும் பழக்கம் இதைக் கெடுக்கிறது. சரக்கு கடையை விட்டுக் கிளம்பும்போது அல்லது அதற்கு முன்பே பில் போட வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. சிட்டைப் பழக்கம் அந்த விதியையும் மீறுகிறது, வரம்பையும் குருடாக்குகிறது.

டாலி போன்ற மென்பொருளில் வாடிக்கையாளர் கணக்கில் `Maintain balances bill-by-bill` என்பதை இயக்கி, வரம்பையும் தவணையையும் பதிந்துவைக்கலாம். ஆனால் பணமாகாத காசோலையையும் பில் போடாத சிட்டையையும் எந்த மென்பொருளும் தானாக அறியாது. மகன் பெயரில் ஒரு கணக்கு, தன் பெயரில் ஒரு கணக்கு என்று ஒரே காண்ட்ராக்டர் வைத்திருப்பதையும் மனிதர்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பார்க்காமல் விட்டால் வரும் இழப்பு பில் தொகையோடு நிற்பதில்லை. 52,000 ரூபாய் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறக்குறைய 7,900 ரூபாய். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் கடை அதை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கணக்கில் காட்டிக் கட்ட வேண்டும். காண்ட்ராக்டர் பணம் தந்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. வாராக்கடன் ஆனாலும் அந்த வரி திரும்பாது. நேர்மையாகப் பில் போடும் சிறுகடைக்குச் சட்டம் இழைக்கும் அநீதி இது. வரி போக மீதியுள்ள 44,000 ரூபாய்ச் சரக்கில் நூற்றுக்கு நான்கு நின்றால் லாபம் 1,760 ரூபாய். ஒரு பில் மூழ்கினால் அதை மீட்க ஏறத்தாழ முப்பது லோடு விற்க வேண்டும். போய்விடுவாரோ என்று அஞ்சிக் காப்பாற்றிய வாடிக்கையாளரின் மதிப்பு அவ்வளவுதான்.

கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. மாதக் கடைசி இலக்கையும் தள்ளுபடியையும் காட்டி டீலர் தலையில் சரக்கை ஏற்றுகிறார்கள்; அவர் அதைக் காண்ட்ராக்டர் தலையில் கடனாக இறக்குகிறார். வளைகுடாவிலிருந்து வீட்டுக்காரர் சிமென்டுக்கென்று அனுப்பிய பணத்தைக் காண்ட்ராக்டர் வேறொரு கட்டிடத்துக்குத் திருப்பிவிடுகிறார். ஜூனிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இரண்டு பருவமழைகள் வேலையை நிறுத்தும் மாவட்டம் இது. வேலை நின்றதும் வசூலும் நிற்கும். அதைத் தாங்குவதற்காக வெற்றுக் காசோலை வாங்கி மேசையில் பூட்டிவைக்கிறார்கள். அதை வங்கியில் போட்டால் உறவு முறியும், போடாவிட்டால் அது காகிதம். மழைக்கு முன்பே பழைய பாக்கியைப் பார்த்திருந்தால் அந்தக் காசோலை தேவைப்பட்டிருக்காது.

சில நேரம் வரம்பைத் தாண்டி அனுப்ப வேண்டியும் வரலாம். பாதியில் நிற்கும் கான்கிரீட்டுக்குச் சிமென்ட் தராமல் இருக்க முடியாது. அப்போது முதலாளி ஒருவரே அனுமதிக்க வேண்டும். காரணமும் பணம் வரும் தேதியும் எழுதப்பட வேண்டும். மற்ற நாட்களில் விதி ஒன்றே: பாக்கியைப் பார்த்த பிறகே பில். அதைக் கேட்டுக் கடை மாறுகிறவர், அடுத்த கடையிலும் தொண்ணூறாம் நாளில் அதே பாக்கியோடுதான் நிற்பார்.