சீசனுக்கு வர்ற குடும்பமும் துணிப்பைக் காவலும்

சாரல் விழுந்து, எங்க சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால் சொந்தக்காரங்க போன் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. போன வருஷம் சென்னையிலிருந்து அக்கா குடும்பம் பத்துப் பேர் வந்தாங்க. அத்தான், அக்கா, ரெண்டு மகன்கள், ரெண்டு மருமகள்கள், நாலு பேரப்பிள்ளைகள். குற்றாலத்தில் மூணு ரூம், ஒரு வேன். செலவில் ஆளுக்குப் பாதி என்று மகன்கள் பேசிக்கொண்டார்கள். காசில் நியாயம் இருந்தது. மத்ததில்தான் இல்லை.

அத்தானுக்குச் சர்க்கரை. காலை ஏழு மணிக்கு ஊசி போட்டால் அரை மணி நேரத்தில் சாப்பிட்டாகணும். முதல் நாள் "எல்லாரும் குளிச்சிட்டு ஒண்ணாச் சாப்பிடலாம்" என்று கிளம்பிவிட்டார்கள். மெயின் அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. ஐந்தருவிக்குப் போனால் கூட்டம். ஒன்பது மணிக்கு அத்தானுக்குக் குப்பென்று வேர்த்து, கை நடுங்கிடுச்சு. சர்க்கரை இறங்கினதுக்கு அடையாளம் அது. பேரன் கையில் இருந்த ஜூஸைக் குடிக்க வைத்தார்கள், பிறகு இட்லி.

அன்னைக்கு ராத்திரி நானும் போய் உட்கார்ந்து பேசினேன். காத்திருக்க முடியாத ஒருத்தரின் சாப்பாட்டு நேரத்தை முதலில் எழுதினோம்: ஏழரை, ஒரு மணி, எட்டு. குளிக்கிறவங்க விடியுமுன்னே கிளம்பணும், அப்போ கூட்டமும் கம்மி. அக்காவும் அத்தானும் ரூமிலேயே சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் புறப்படலாம். மத்தியானச் சாப்பாடு மட்டும் எல்லாரும் சேர்ந்து. மாடி ரூமில் இருந்த பெரியவங்களைக் கீழே மாத்தினோம். மேற்கத்தியக் கழிப்பறை கீழேதான் இருந்தது! 'அமைதியா இருக்கும்'னு மாடியைக் கொடுத்தது மகன்களின் அன்புதான், ஆனா முழங்காலுக்கு அது தெரியாதே.

இன்னொண்ணு யாரும் வாய் திறக்காத சங்கதி. அருவிக்கரையில் துணிப்பை, போன், செருப்புக்கு ஒருத்தர் காவல் நிக்கணும். ரெண்டு இடத்திலும் நின்னது சின்ன மருமகள். அவள் தலை நனையவே இல்லை. மறுநாள் மகன்கள் முறை வைத்து நின்னாங்க. பெண்கள் பக்கம் குழந்தைகளோட போற மருமகளுக்கு, குழந்தைகளை அனுப்பிவிட்டுத் தனியாக் குளிக்கவும் பத்து நிமிஷம் வேணும். அதையும் கணக்கில் சேர்த்தோம்.

வேனில் கடைசி சீட் தூக்கித் தூக்கிப் போடும். போகும்போது அங்கே இருந்தவர் வரும்போது முன்னால். நடு சீட் பெரியவங்களுக்கு. யாருக்காவது முடியலைன்னா பத்துப் பேரும் திரும்ப வேண்டாம், ஒரு ஆட்டோ போதும். அந்தக் காசு பொதுச் செலவில்.

எங்க தோட்டத்துக்கு காலையில் வரச் சொன்னேன். நல்லா மலர்ந்த சூரியகாந்தி கிழக்கு பார்த்தே நிற்கும். சாயங்காலம் கிழக்கே போற வண்டியில் இருந்து பார்த்தால் பூவோட முதுகுதான் தெரியும். அத்தான் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டரைக்கே "சாப்பாடு எங்கேப்பா?" என்றார்.

சின்ன மருமகள் இந்தத் தடவை ஆனிக் கடைசியில் வருவாங்களாம். காவல் முறைப் பட்டியலை இப்பவே வாட்ஸ்அப்பில் போட்டிருக்கா.