பின் நம்பர் போட்டா பணம் வராது... போகும்!

ஜிபே, போன்பே வெச்சிருக்கிற எல்லாரும் ஒரு தடவை முழுசா படிங்க. வீட்டுல அப்பா, அம்மா, கடை வெச்சிருக்கிற சித்தப்பா யாராவது இருந்தா அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

பணம் "வருது"ன்னு நினைச்சு பட்டனை அமுக்கினவங்க கணக்குல இருந்து பணம் போன கதை நம்ம ஊர்ப் பக்கம் பலருக்கும் தெரியும். ஆனா அந்த பட்டனை அமுக்கினதும் உள்ளே என்ன நடக்குதுங்கிறது தெரியாது. அது தெரிஞ்சாத்தான் அடுத்த தடவை ஏமாற மாட்டோம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பால்கோவா கடை. கடைக்காரர் கணக்குல 6,240 ரூபாய் இருக்கு. ஒருத்தர் போன் பண்றார். "அண்ணே, மதுரையில கல்யாணம், பத்து கிலோ வேணும். அட்வான்ஸ் 2,000 இப்பவே அனுப்புறேன், வந்ததும் ஓகே பண்ணிடுங்க." அடுத்த நொடி போன்ல ஒரு அறிவிப்பு. 2,000 ரூபாய், கீழே "பால்கோவா அட்வான்ஸ்"னு ஒரு குறிப்பு. கடைக்காரர் திறக்கிறார், `Pay` அமுக்குறார், பின் நம்பர் போடுறார். கணக்குல 8,240 இருக்கும்னு நினைக்கிறார். இருக்கிறது 4,240.

பதறிப்போய் திரும்ப போன் பண்ணினா அந்த ஆள் ரொம்ப அமைதியா பேசுவான். "அய்யோ, மாறிப் போச்சு அண்ணே. உங்க 2,000, என் அட்வான்ஸ் 2,000, சேர்த்து 4,000 வரணும். ரெண்டு தடவையா அனுப்புறேன், ஓகே பண்ணுங்க." போன பணத்தை மீட்கிற அவசரத்துல ரெண்டையும் ஓகே பண்ணினா மீதி 240 ரூபாய். முதல் தடவை ஏமாத்தினது ஆசை காட்டி. அடுத்த ரெண்டு தடவையும் ஏமாத்தினது பயம் காட்டி.

இங்க வந்தது பணம் இல்லை. பணம் கேட்டு வந்த கோரிக்கை. ஆங்கிலத்துல கலெக்ட் ரிக்வெஸ்ட்னு சொல்றாங்க. உங்க யுபிஐ ஐடி தெரிஞ்ச ஒருத்தர் "எனக்கு இவ்வளவு கொடுங்க"ன்னு அனுப்புற சீட்டு மாதிரி. அந்தச் சீட்டு உங்க போனுக்கு வந்துட்டதால மட்டும் கணக்குல ஒரு பைசா குறையாது. நீங்க ஒப்புதல் கொடுத்து பின் நம்பர் போட்ட பிறகுதான் வேலை நடக்கும். முதல்ல உங்க பேங்க் உங்க கணக்குல இருந்து கழிக்கும். அப்புறம் அவனோட பேங்க் அவன் கணக்குல ஏத்தும். எல்லாம் சில நொடிகளில். நடுவுல பணத்தைப் பிடிச்சு வெச்சுட்டு "நிஜமாவா?"ன்னு கேட்கிற ஏற்பாடு எதுவும் இல்லை. நீங்க போட்ட பின்தான் உங்க கையெழுத்து.

இன்னொன்னு கவனிங்க. "பால்கோவா அட்வான்ஸ்"ங்கிற குறிப்பை எழுதினது பேங்க் இல்லை, ஆப் இல்லை. கோரிக்கை அனுப்பினவன் டைப் பண்ணினது. அவன் "கேஷ்பேக்"னு எழுதலாம், "ரீஃபண்ட்"னு எழுதலாம், என்ன வேணும்னாலும் எழுதலாம். பொய் இருக்கிற இடமே அந்த ஒரு வரிதான். நம்ப வேண்டியது பட்டனை. `Pay`ன்னு இருந்தா கொடுக்கிறது நீங்கதான். பின் கேட்கிற பக்கத்துலயும் யாருக்கு, எவ்வளவு போகுதுன்னு போட்டிருக்கும். அதைப் படிக்க மூணு நொடி போதும்.

நிஜமா பணம் வந்தா எப்படி இருக்கும்? வந்து முடிஞ்ச பிறகுதான் தகவலே வரும். உங்ககிட்ட எதையும் கேட்காது. யுபிஐ பின் தேவைப்படுறது முக்கியமா ரெண்டு விஷயத்துக்கு. ஒண்ணு, பணம் கொடுக்க. ரெண்டு, இருப்பு பார்க்க. பணம் வாங்குறதுக்கு பின் தேவையே இல்லை.

"இருப்பு பார்க்க"ன்னதும் 2025 தொடக்கத்துல பரபரப்பா ஓடின ஒரு எச்சரிக்கை சிலருக்கு ஞாபகம் வரலாம். உங்க கணக்குல சின்னத் தொகையைப் போட்டு, கூடவே ஒரு கோரிக்கையும் அனுப்பி, நீங்க இருப்பு பார்க்க பின் போடும்போது பணத்தை உருவுறாங்கன்னு தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு எச்சரிச்சது. பிறகு யுபிஐயை நடத்துற தேசிய கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ விளக்கம் கொடுத்தது: ஆப்பைத் திறந்தாலோ இருப்பு பார்த்தாலோ கோரிக்கை தானா நிறைவேறாது. நீங்களே அந்தக் கோரிக்கைக்குள்ள போய், பணம் செலுத்துற பட்டனை அமுக்கி, பின் போட்டாத்தான் பணம் போகும். அதனால தெரியாத இடத்துல இருந்து பணம் வந்தா பயப்பட வேண்டாம், இருப்பைப் பாருங்க. ஆனா காத்திருக்கிற கோரிக்கை ஏதாவது இருந்தா `Decline` பண்ணிடுங்க.

இந்த மோசடி பெருகினதாலதான் 2025 அக்டோபர் 1 முதல் தனி நபர் இன்னொரு தனி நபருக்கு கோரிக்கை அனுப்புற வசதியையே நிறுத்தச் சொல்லி என்பிசிஐ உத்தரவு போட்டது. அதுக்கு முன்னாடியே அதுக்கு ஒரு தடவைக்கு 2,000 ரூபாய்னு உச்சவரம்பு இருந்தது. நல்ல முடிவு. ஆனா "இனி பிரச்னை இல்லை"ன்னு இருந்துடாதீங்க. அந்த உத்தரவு தனி நபருக்கு மட்டும். வணிகக் கணக்குல இருந்து வர்ற கோரிக்கை அதுல அடங்காது. நீங்களே இப்பத்தான் டிக்கெட் போட்டு, உங்க யுபிஐ ஐடியைக் கொடுத்திருந்தா அந்தக் கோரிக்கை சரி. எதுவும் வாங்காம ஒரு கோரிக்கை வந்தா அது உங்களுடையது இல்லை.

கோரிக்கைக்கு வழி அடைபட்டா அதே கதை க்யூஆர் கோடா வரும். ராஜபாளையத்துல நாய்க்குட்டி விற்க நெட்டுல விளம்பரம் போட்டவருக்கு வாட்ஸ்அப்ல ஒரு க்யூஆர் வருதுன்னு வெச்சுக்குங்க. "ஸ்கேன் பண்ணுங்க சார், பணம் ஏறிடும்." க்யூஆர் ஸ்கேன் பண்றது பணம் கொடுக்கத்தான். 2021 பிப்ரவரியில, அப்போதைய தில்லி முதல்வரோட மகளே இப்படி ஏமாந்தார். பழைய சோபாவை ஆன்லைன்ல விற்கப் போட்டார். வாங்குறதா வந்தவன் முதல்ல சின்னத் தொகையை நிஜமாவே அனுப்பி நம்பிக்கை வாங்கினான். அப்புறம் க்யூஆர் அனுப்பினான். 20,000 போச்சு. தவறுதலா போயிட்டதுன்னு சொல்லி மறுபடி ஸ்கேன் பண்ண வெச்சான். இன்னும் 14,000 போச்சு. மேல சொன்ன பால்கோவா கடைக் கணக்கேதான், தொகை மட்டும் பெருசு.

ஏற்கெனவே பணம் போயிருந்தா, அவன்கிட்ட பேசிட்டே இருக்காதீங்க. உடனே 1930க்கு போன் போடுங்க, இல்லைன்னா cybercrime.gov.in தளத்துல புகார் கொடுங்க. ஆப்ல அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தா 12 இலக்க எண் ஒண்ணு இருக்கும், அதைக் குறிச்சு வெச்சுக்குங்க. பேங்க்குக்கும் அன்னைக்கே சொல்லிடுங்க. அவசரம் ஏன்னா, பணம் அவன் கணக்குல இருக்கிற வரைக்கும்தான் அதை முடக்க முடியும். அடுத்த கணக்குக்கு மாத்திட்டாலோ ஏடிஎம்ல எடுத்துட்டாலோ மீட்கிறது கஷ்டம். பின் போட்டது நீங்க என்பதால, "எனக்குத் தெரியாம போச்சு"ன்னு பேங்க்ல வாதாடுறதும் சுலபம் இல்லை.

கோயில் வாசல்ல பூ விற்கிற அக்காவுல இருந்து மில்லுல ஷிஃப்ட் பார்க்கிற தம்பி வரைக்கும் எல்லார் கையிலயும் இன்னைக்கு யுபிஐ இருக்கு. அவங்களுக்கு இவ்வளவு நீளமா சொல்ல வேண்டாம். ஒரு வரி போதும்: பணம் வாங்க பின் வேண்டாம், பின் கேட்டா பணம் போகப் போகுது.

பகிருங்கள்.

#பின்போட்டாபணம்போகும் #ராஜபாளையம் #ஸ்ரீவில்லிபுத்தூர்