லீவில் இருக்கிறீங்க சரி, எப்ப வருவீங்க?

"தற்போது விடுமுறையில் உள்ளேன். திரும்பியதும் பதிலளிப்பேன்."

2025 மே மாதம் எங்களுக்கு வந்த தானியங்கி மின்னஞ்சல் இவ்வளவுதான். கற்பிட்டி மீனவக் குடும்பங்களிடம் எங்கள் ஆய்வுக்கான வினாக்கொத்தைக் கொடுக்க ஓர் அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் தேவைப்பட்டது. உத்தியோகத்தர் எப்ப வருவார், அதுவரைக்கும் யாரைக் கேட்பது, எதுவும் அதில் இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, பாலாவி வழியாக பஸ் பிடித்துப் புத்தளத்துக்கே போனோம். பக்கத்து மேசை அக்கா பத்து நிமிஷத்தில் கடிதத்தைத் தந்தார். "பதில் கடமை நான்தான் பிள்ளைகள், ஒருத்தரும் சொல்லலையா?" என்று கேட்டார்.

லீவு எடுப்பது அவருடைய உரிமை. அதில் எங்களுக்குக் குறையே இல்லை. குறை அந்த இரண்டு வரியில்தான்.

முதலில் திகதி. அவருடைய லீவு மே 7 புதன் முதல் 9 வெள்ளி வரை. "9 வரை லீவு" என்று எழுதியிருந்தாலும் நாங்கள் ஏமாந்திருப்போம். 10, 11 சனி ஞாயிறு. 12 வெசாக் போயா, 13 அதற்கு மறுநாள் விடுமுறை. அவர் கதிரையில் உட்காரும் நாள் 14 புதன். போயா மாதாமாதம் வருகிற நாட்டில், லீவு முடியும் நாளை அல்ல, வேலைக்கு வரும் நாளைக் கிழமையோடு எழுதவேண்டும்.

அடுத்தது ஆள். "அவசரமென்றால் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்" என்பது ஆளைக் காட்டுவதாகாது. எந்த வேலைக்கு யார் என்று சொல்லவேண்டும். அவரிடம் முன்கூட்டியே கேட்டு, கோப்பையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் பெயரைப் போடவேண்டும். தனிப்பட்ட கைபேசி இலக்கம் வேண்டாம், அலுவலகத் தொலைபேசி போதும்.

இப்படி இருந்திருக்கலாம்:

"மே 14 புதன்கிழமை காலை கடமைக்குத் திரும்புகிறேன். ஆய்வு அனுமதிக் கடிதங்களை அதுவரை (பெயர், பதவி, அலுவலகத் தொலைபேசி) கவனிப்பார். மற்ற மின்னஞ்சல்களுக்கு 14ஆம் திகதிக்குப் பிறகு நானே பதில் எழுதுவேன்."

புத்தளம் மாவட்டத்தில் இதையே கீழே சிங்களத்திலும் போடுவது நல்லது.

ஜிமெயிலில் இதை Vacation responder பகுதியில் எழுதலாம். அங்கே Last day என்பதற்கு 13ஐப் போடவேண்டும். அதை வெறுமையாக விட்டால், நாமே நிறுத்தும்வரை பதில் போய்க்கொண்டே இருக்கும். ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதினாலும் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் பதில் போகும். ஆகவே முதல் பதிலிலேயே எல்லாம் இருக்கவேண்டும்.

"சுகமில்லாமல் படுத்திருக்கிறவருக்கு வரும் நாள் எப்படித் தெரியும்?" என்று ஒரு நண்பி கேட்டாள். நியாயம்தான். அப்போது, "14ஆம் திகதி இந்தப் பதிலைப் புதுப்பிப்பேன்" என்று எழுதலாம். அதுவும் ஒரு திகதிதான். அந்த நாள் வந்ததும் மறக்காமல் மாற்றவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் எங்களில் சிலர் பயிற்சி வேலைக்குப் போகிறோம். நாங்களும் லீவு எடுப்போம். எங்களுக்கு எழுதுகிற ஒருத்தரும் பதில் தேடி பஸ் ஏறக்கூடாது.